கார்டு மெஷினைத் திருப்பிக் கொடுத்தும் வாடகை நிற்கவில்லையா? சின்னக் கடைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் கடைக்காரரிடம் கமிஷன் பிடிக்கக் கூடாது என்பது 2020 ஜனவரி 1-இல் இருந்து நடப்பில் இருக்கிறது. அதன் பிறகு சின்னக் கடைகளில் கார்டு தேய்ப்பவர்கள் குறைந்து, ஸ்கேன் பண்ணுகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஆனால் பல கடைகளில் கல்லாப்பெட்டி பக்கத்தில் ஸ்வைப்பிங் மெஷின் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. மாதம் நாலு கார்டு கூட விழாது, வாடகை மட்டும் தவறாமல் போகும். பலர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து பாஸ்புக்கைப் பார்த்தால் வாடகை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும்.

காரணம் எளிது. ஒரு கார்டு மெஷினுக்குப் பின்னால் மூன்று தனித்தனிக் கணக்குகள் ஓடுகின்றன. ஒன்று, கையில் இருக்கும் மெஷின். இரண்டு, உங்கள் கடைக்கென்று திறந்த வியாபாரி கணக்கு. கார்டு தேய்த்ததும் மெஷினில் இருந்து வரும் சார்ஜ் சீட்டில் MID என்று இருப்பது இதன் எண். TID என்று இருப்பது அந்த ஒரு மெஷினின் எண். மூன்று, மாதாமாதம் பணம் பிடிக்க உங்கள் வங்கிக்கு நீங்கள் கொடுத்த அனுமதி, அதாவது மேண்டேட். ஒன்றை மூடினால் மற்றது தானாக மூடாது. மெஷினை வாங்கிப்போக வருகிறவர் ஏதோ ஒரு ஏஜென்சியின் ஆள், வாடகை பில் போடுவது வேறொரு அலுவலகம், பணத்தைப் பிடிப்பது உங்கள் வங்கி. இந்த மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள் என்று நம்பினால் வாடகை நிற்காது. மூன்றையும் நீங்களே, சரியான வரிசையில் மூட வேண்டும்.

மயிலாடுதுறை பக்கம் ஒரு பாத்திரக்கடையின் கணக்கை வைத்தே ஒவ்வொரு படியையும் காட்டுகிறேன். மாத வாடகை 400 ரூபாய், அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி 72 ரூபாய், ஆக 472. முன்பணம் 1,500. ஒரு மாத வாடகையை அடுத்த மாதம் 7-ஆம் தேதி நடப்புக் கணக்கில் இருந்து பிடிப்பார்கள்.

முதலில் காகிதத்தைத் தேடுங்கள்

மெஷின் வந்த அன்று கையெழுத்துப் போட்ட விண்ணப்பம், அல்லது போனுக்கு ஓடிபி வந்து ஒப்புதல் கொடுத்த ஒப்பந்தம், ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். பெரும்பாலும் மெஷின் எடுத்த நாளில் உங்கள் இமெயிலுக்கு வந்திருக்கும். கிடைக்காவிட்டால் கஸ்டமர் கேரிடம் கேட்டு வாங்குங்கள். அதை வாங்காமல் ரத்துப் பேச்சை எடுக்க வேண்டாம். அதில் நான்கு விஷயங்களை மட்டும் பார்த்தால் போதும்.

லாக்-இன் எத்தனை மாதம்? 12 மாதமோ 24 மாதமோ மெஷினை வைத்திருக்க வேண்டும் என்று இருந்தால், நடுவில் விட்டால் மிச்ச மாதங்களின் வாடகையைக் கேட்பார்கள். இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். லாக்-இன் முடிய இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால், இன்றைக்கே சண்டை போட்டு அபராதம் கட்டுவதை விட அந்த இரண்டு மாத வாடகையைக் கட்டிவிட்டு, லாக்-இன் முடியும் நாளுக்குச் சரியாக நோட்டீஸ் கொடுப்பது லாபம். மெஷினும் அதுவரை கையில் இருக்கும். பத்து மாதம் பாக்கி என்றால் நிலைமை வேறு. அப்போது மெஷின் அடிக்கடி பழுதானது, நெட்வொர்க் எடுக்கவில்லை, சர்வீஸ் ஆள் வரவில்லை என்பதற்கான பழைய புகார் எண்கள் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேவை சரியாகக் கொடுக்காமல் லாக்-இன் தொகை கேட்க முடியுமா என்று பேச அவைதான் பிடி.

அடுத்தது, லாக்-இன் முடிந்ததும் ஒப்பந்தம் தானாக இன்னொரு வருடத்துக்குப் புதுப்பிக்கப்படுமா என்பது. ஒரே வரியில் இருக்கும், பலர் படிப்பதில்லை. மூன்றாவது, நோட்டீஸ் காலம். 30 நாள் என்று இருப்பது வழக்கம். நான்காவது, வாடகையை நாள்கணக்கில் பிடிப்பார்களா, ஒரு நாள் ஓடினாலும் முழு மாதமா என்பது. பாத்திரக்கடை ஒப்பந்தத்தில் லாக்-இன் 12 மாதம், அது முடிந்துவிட்டது, தானாகப் புதுப்பிக்கும் வரி இல்லை, நோட்டீஸ் 30 நாள், கடைசி மாதம் நாள்கணக்கு. நல்ல ஒப்பந்தம் என்றே சொல்லலாம்.

இன்னொன்றையும் இப்போதே பாருங்கள். அதே நிறுவனம் மூலமாக வியாபாரக் கடன் எடுத்து, தினமும் வரும் செட்டில்மென்ட்டில் இருந்து தவணை பிடிக்கிறார்களா? அப்படியென்றால் கடனை முடிக்காமல் கணக்கை மூட மாட்டார்கள். கடனை எப்படிக் கட்டுவது என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டு, அப்புறம் மெஷின் பேச்சுக்கு வாருங்கள்.

வாடகை எந்த வழியாகப் போகிறது?

இது தெரியாமல் ரத்து செய்ய முடியாது. மூன்று வழிகள் உண்டு.

வங்கி ஸ்டேட்மென்ட்டில் அந்தத் தொகைக்கு எதிரே ACH அல்லது NACH என்று தொடங்கும் வரி இருந்தால், அது வங்கி மேண்டேட். ஒவ்வொரு மேண்டேட்டுக்கும் UMRN என்று 20 எழுத்து எண் ஒன்று உண்டு. நெட் பேங்கிங்கில் மேண்டேட் பகுதியில் பார்க்கலாம், இல்லையென்றால் கிளையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அதைக் குறித்து வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

போனில் யுபிஐ ஆட்டோபே மூலம் போனால், உங்கள் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற பகுதியில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். சவுண்ட் பாக்ஸ் வாடகை பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறது.

மூன்றாவது வழி கொஞ்சம் கண்ணுக்குத் தெரியாதது. உங்களுக்கு வர வேண்டிய விற்பனைப் பணத்திலேயே வாடகையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்புவார்கள். ஸ்டேட்மென்ட்டில் வாடகை என்று தனி வரியே இருக்காது. அன்றைய மெஷின் விற்பனையில் கமிஷனைக் கழித்த பிறகும், வங்கியில் ஏறிய தொகை குறைவாக இருந்தால் இதுவாக இருக்கலாம். நிறுவனத்தின் ஆப்பில் செட்டில்மென்ட் ரிப்போர்ட்டைத் திறந்தால் கழிவுகள் தெரியும். மெஷின் வழங்கிய வங்கியிலேயே உங்கள் நடப்புக் கணக்கும் இருந்தால் மேண்டேட் எதுவும் இல்லாமல் வங்கியே நேராகப் பிடித்துக்கொள்வதும் உண்டு. அங்கே நிறுத்த வேண்டிய இடம் வங்கிக் கிளைதான்.

கார்டு தேய்ப்பதை நிறுத்துங்கள், பணம் வந்து சேரட்டும்

ரத்து மெயில் அனுப்புவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். மெயில் போன பிறகு ஏதாவது தொகை தகராறு வந்தால், உங்களுக்கு வர வேண்டிய செட்டில்மென்ட்டை நிறுத்தி வைக்க நிறுவனத்தால் முடியும். அவர்கள் கையில் உங்கள் பணம் எதுவும் இல்லாத நிலையில் கேட்பது நல்லது.

ஒரு நாளைக் குறித்து, அன்றோடு மெஷினில் கார்டு வாங்குவதை நிறுத்துங்கள். யாருக்காவது கார்டுக்கே பணம் திருப்ப வேண்டியிருந்தால் அதற்குள் முடித்துவிடுங்கள். மெஷின் போன பிறகு அதைச் செய்வது பெரும் அலைச்சல். அன்று இரவு மெனுவில் Settlement என்று இருப்பதை அழுத்துங்கள். சில மெஷின்கள் இதைத் தாமாகவே செய்துகொள்ளும், சிலவற்றில் கடைக்காரர்தான் செய்ய வேண்டும். செய்யாமல் விட்டால் அன்றைய விற்பனை மெஷினுக்குள்ளேயே நிற்கும், வங்கிக்கு வராது. அழுத்தியதும் மொத்தம் எத்தனை, எவ்வளவு தொகை என்று ஒரு சீட்டு வரும். அதை வெளிச்சத்தில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தாள் வெப்பத்தில் அச்சாகும் வகை, கல்லாப்பெட்டியில் சில மாதம் கிடந்தால் எழுத்து மங்கிப் போகும்.

பாத்திரக்கடையில் அக்டோபர் 3-ஆம் தேதி இரவு கடைசி செட்டில்மென்ட். மறுநாள் பணம் வந்துவிட்டது. தொகை சரியா என்று சீட்டோடு ஒத்துப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் மெயில்.

இதே சமயத்தில் கியூஆர் அட்டையையும் கவனியுங்கள். மெஷின் கொடுத்த நிறுவனத்தின் கியூஆர்தான் கல்லாவில் ஒட்டியிருக்கிறது என்றால், வியாபாரி கணக்கு மூடும்போது அதுவும் செத்துப்போக வாய்ப்பு உண்டு. வேறு வங்கியிலோ ஆப்பிலோ புது கியூஆர் எடுத்து, ஒரு ரூபாய் போட்டுப் பார்த்து, பணம் சரியான கணக்கில் ஏறியதா என்று உறுதி செய்துவிட்டு, பழைய ஸ்டிக்கரை மிச்சமில்லாமல் உரித்துவிடுங்கள். கடை வாசலில், கண்ணாடியில், தெருவைப் பார்த்த தூணில் என்று இரண்டு மூன்று இடத்தில் ஒட்டியிருப்பார்கள். ஒன்று விட்டுப்போனாலும் வாடிக்கையாளர் அதைத்தான் ஸ்கேன் செய்வார்.

ரத்துக் கடிதம்

போனில் சொன்னால் போதாது. கஸ்டமர் கேரில் பேசினால் அவர்கள் உடனே வாடகையைக் குறைக்கிறேன், மூன்று மாதம் இலவசம் என்று ஆரம்பிப்பார்கள். அதில் மயங்கி ஒத்துக்கொண்டால் புதிய லாக்-இன் விழுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால் பேச்சை வளர்க்காமல் மெயில் அனுப்புகிறேன் என்று சொல்லி, புகார் எண் ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மெயிலை அவர்களிடம் பதிவு செய்த இமெயில் முகவரியில் இருந்தே அனுப்ப வேண்டும். வேறு முகவரியில் இருந்து போனால் அடையாளம் சரிபார்க்க முடியவில்லை என்று பத்து நாளை ஓட்டிவிடுவார்கள். பதிவு செய்த போன் நம்பர் இப்போது உங்களிடம் இல்லையென்றால் முதலில் அதை மாற்றுங்கள், ஓடிபி எல்லாம் அதற்குத்தான் போகும். வங்கி கொடுத்த மெஷின் என்றால், கடிதமாக எழுதி, கடை சீல் வைத்து, கிளையில் கொடுத்து, நகலில் தேதியோடு வங்கி முத்திரை வாங்குங்கள். நிறுவனம் வெளி மாநிலத்தில் இருந்தால் ஆங்கிலத்தில் எழுதினால் சீக்கிரம் நகரும். உள்ளடக்கம் இப்படி இருந்தால் போதும்:

> பொருள்: கார்டு மெஷின் சேவையை ரத்து செய்தல், MID எண் …, TID எண் …
>
> எங்கள் கடையின் பெயரில் உள்ள மேற்கண்ட மெஷின் சேவையை ரத்து செய்கிறோம். இந்த மெயிலின் தேதி அக்டோபர் 6. ஒப்பந்தப்படி 30 நாள் நோட்டீஸ் நவம்பர் 5-ஆம் தேதி முடிகிறது. அதற்குப் பிறகு வாடகையோ வேறு கட்டணமோ பிடிக்க வேண்டாம்.
>
> மெஷினின் சீரியல் எண் …. அடாப்டர், சார்ஜிங் கேபிள் ஆகியவற்றோடு ஒப்படைக்கத் தயாராக உள்ளோம். எடுத்துக்கொள்ள வரும் தேதியையும் வருபவரின் பெயரையும் முன்கூட்டித் தெரிவிக்கவும்.
>
> கீழ்க்கண்டவற்றை எழுத்தில் உறுதி செய்யவும்: MID, TID மூடப்பட்ட தேதி; பாக்கி எதுவும் இல்லை என்பது; முன்பணம் 1,500 ரூபாய் திரும்பி வரும் தேதி; வங்கி மேண்டேட் UMRN … உங்கள் பக்கத்தில் ரத்து செய்யப்பட்டது என்பது.

நோட்டீஸ் முடியும் தேதியை நீங்களே எழுதிவிடுவதில் ஒரு காரணம் இருக்கிறது. மெஷினை எடுக்க ஆள் வருவது தாமதமானால், எடுத்த நாளில் இருந்துதான் கணக்கு என்று சிலர் சொல்வார்கள். நான் தயாராக இருக்கிறேன், நீங்கள்தான் வரவில்லை என்று முன்னாடியே எழுத்தில் இருந்தால் அந்தப் பேச்சு எடுபடாது.

மெஷினை ஒப்படைக்கும் நாள்

மெஷினை அதுவரை அட்டைப் பெட்டிக்குள் போட்டு மறந்துவிடாதீர்கள். கார்டு மெஷினுக்குள் ரகசியச் சாவிகள் இருக்கின்றன. யாராவது பிரித்துத் திருடாமல் இருக்க, உள்ளே காவல் பார்க்கும் ஒரு சர்க்யூட் உண்டு. திறந்தாலோ பலமாகக் கீழே விழுந்தாலோ அது சாவிகளை அழித்துவிடும். திரையில் TAMPER என்று வரும், அதன் பிறகு மெஷின் எதற்கும் உதவாது. அந்தக் காவல் சர்க்யூட்டுக்கும் பேட்டரி மின்சாரம் வேண்டும். மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்தாலும் இதே செய்தி வரலாம். அப்படி வந்த மெஷினைக் கொடுத்தால், நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று மெஷின் விலையைக் கேட்க வழி பிறக்கிறது. ஆள் வரும் வரை வாரம் ஒரு முறை சார்ஜ் போட்டு வையுங்கள்.

ஒப்படைப்பதற்கு முன் மூன்று போட்டோ. ஒன்று, மெஷின் உயிரோடு இருக்கும்போது முகப்புத் திரை. இரண்டு, பின்பக்கமோ பேட்டரிக்கு அடியிலோ இருக்கும் ஸ்டிக்கரில் சீரியல் எண் தெளிவாகத் தெரியும்படி. மூன்று, அடாப்டர், கேபிள், கொடுத்திருந்தால் ஸ்டாண்ட் எல்லாவற்றையும் மெஷினோடு மேசையில் பரப்பி வைத்து. உள்ளே இருக்கும் சிம் நிறுவனத்துடையது என்றால் அப்படியே விட வேண்டும். நீங்கள் போட்ட சொந்த சிம் என்றால் கழற்றிக்கொள்ளுங்கள்.

இனி வருகிறவரைப் பற்றி. மெஷின் மாற்ற வந்தேன், அப்டேட் போட வந்தேன், திரும்ப எடுக்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வந்து ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ரத்துக் கோரிக்கை எண்ணை அவர் சொல்ல வேண்டும், நீங்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அந்த எண்ணும் பெயரும் மெயிலில் வந்ததோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப் போகவில்லையென்றால், கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு உறுதி செய்யும் வரை அண்ணன் ஒரு டீ குடிக்கட்டும். ரத்து செய்ய ஓடிபி சொல்லுங்கள், யுபிஐ பின் போடுங்கள், போனைக் கொஞ்சம் கொடுங்கள் என்று அவர் கேட்டால் அத்தோடு அனுப்பிவிடலாம். மெஷினை வாங்கிப்போக அவருக்கு உங்கள் போன் தேவையில்லை.

உண்மையான ஆள் என்றால் அவரிடம் டீ-இன்ஸ்டாலேஷன் படிவம் இருக்கும், காகிதமாகவோ போன் ஆப்பிலோ. அதில் உங்கள் கையெழுத்தை வாங்குவதில்தான் அவர் குறியாக இருப்பார். உங்களுக்கு வேண்டியது அவருடைய கையெழுத்து. அவர் எதுவும் கொண்டு வரவில்லையென்றால் கடை லெட்டர்பேடில் நீங்களே எழுதுங்கள்: மெஷின் மாடல், சீரியல் எண், TID, கூடக் கொடுத்த பொருட்கள், மெஷின் வேலை செய்யும் நிலையில் இருந்தது, தேதி, நேரம், பெற்றுக்கொண்டவர் பெயர், அவருடைய ஏஜென்சி, கையெழுத்து. அவருடைய அடையாள அட்டையை ஒரு போட்டோ. அதோடு அன்றைக்கே, இன்னாரிடம் இன்ன சீரியல் எண் மெஷினை ஒப்படைத்தோம் என்று இரண்டு வரி எழுதி, போட்டோக்களை இணைத்து, பழைய ரத்து மெயிலுக்கே பதிலாக அனுப்பிவிடுங்கள். இந்த ஒரு மெயில் பின்னால் ஆயிரம் பேச்சை மிச்சப்படுத்தும்.

கூரியரில் அனுப்பச் சொன்னால், எந்த முகவரிக்கு என்பதை எழுத்தில் வாங்காமல் அனுப்பாதீர்கள். சீரியல் எண்ணைக் காட்டி, பெட்டியில் வைத்து, டேப் ஒட்டும் வரை ஒரே வீடியோவாக எடுங்கள். டாக்கெட் எண்ணை மெயிலில் சொல்லிவிடுங்கள். போய்ச் சேர்ந்த ரசீது கூரியர் தளத்தில் சில நாள்தான் இருக்கும், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

மெஷின் போய்விட்டது, வாடகை வருகிறது

பாத்திரக்கடைக்கு ஏஜென்சி ஆள் அக்டோபர் 22 அன்று வந்து மெஷினை எடுத்துப் போனார். நவம்பர் 7-இல் 472 ரூபாய் பிடித்தார்கள். கடைக்காரர் கொதித்துப் போனார், ஆனால் அது நியாயமான தொகை. அக்டோபர் மாத வாடகைதான் நவம்பரில் பிடிக்கப்படுகிறது, நோட்டீஸ் நவம்பர் 5 வரை ஓடுகிறது. இந்த இடத்தில் அவசரப்பட்டு நிறுவனத்தோடு மல்லுக்கட்டினால், உண்மையான தவறு வரும்போது நம் பேச்சுக்கு மரியாதை இருக்காது.

உண்மையான தவறு டிசம்பர் 7-இல் வந்தது. மறுபடியும் முழு 472. நவம்பரில் வாடகைக்கு உரியது ஐந்து நாள் மட்டும். 400 ரூபாயை 30 நாளால் வகுத்து ஐந்தால் பெருக்கினால் 66.67, அதற்கு ஜிஎஸ்டி 12 ரூபாய், ஆக 78.67. கூடுதலாகப் பிடித்தது 393.33. விசாரித்ததில், மெஷின் கிடங்குக்கு வந்து சேர்ந்ததாகப் பதிவாகியிருக்கிறது, ஆனால் MID மூடப்படவே இல்லை. மெஷின் இல்லாத திட்டத்துக்குக் கணினி பில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

இப்படி நடந்தால் வாடகை ஏன் பிடித்தீர்கள் என்று பொதுவாகக் கேட்காதீர்கள். கணக்கை எழுதி, கூடுதல் தொகை இன்ன ரூபாய், இன்ன பைசா என்று காட்டி, அந்த பில்லுக்கு கிரெடிட் நோட் போட்டுப் பணத்தைத் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் வழக்கமான ஜிஎஸ்டி பதிவில் இருந்து இந்த வாடகையின் வரியை உள்ளீட்டு வரவாக எடுத்திருந்தால், கிரெடிட் நோட் வந்ததும் அதற்குரிய வரியை நீங்களும் திரும்பச் சரிக்கட்ட வேண்டும். உங்கள் கணக்கரிடம் சொல்லிவிடுங்கள். காம்போசிஷனில் இருப்பவர்களுக்கு உள்ளீட்டு வரவே கிடையாது, அதனால் அந்த வேலை இல்லை. அவர்களுக்கு 472-ம் முழுச் செலவுதான்.

பாத்திரக்கடைக்குக் கூடுதல் தொகை திரும்பியது. அதைவிட முக்கியமாக, அந்தப் புகாரின் பதிலில்தான் MID மூடப்பட்டது, பாக்கி இல்லை என்ற வரி எழுத்தில் வந்தது. அந்த வரி வரும் வரை, முன்பணம் ஏற வேண்டிய நடப்புக் கணக்கை மூடவோ மாற்றவோ கூடாது.

மேண்டேட்டை எப்போது வெட்டுவது?

இதைத்தான் பலர் முதல் வேலையாகச் செய்கிறார்கள். என் பார்வையில் இது கடைசிக்கு முந்தைய வேலை. நோட்டீஸ் காலம் ஓடும்போதே வெட்டினால் நியாயமாகக் கொடுக்க வேண்டிய வாடகையும் நின்று, நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் பாக்கிதாரர் ஆகிவிடுவீர்கள். முன்பணத்தைப் பிடித்துக்கொள்ள அவர்களுக்கு அதுவே சாக்கு.

அதைவிட மோசமானது, கணக்கைக் காலியாக வைத்து வாடகையைத் திரும்பிப் போக விடுவது. ஒவ்வொரு முறையும் வங்கி தனியாக அபராதம் போடும். அதோடு, பணம் செலுத்தும் மற்றும் தீர்வு முறைகள் சட்டம், 2007-இன் 25-ஆவது பிரிவின்படி, கொடுக்க வேண்டிய தொகைக்கான மின்னணுப் பணப் பரிமாற்றம் கணக்கில் பணம் இல்லாமல் திரும்புவது, செக் திரும்புவது போலவே குற்றமாகப் பார்க்கப்படுகிறது. ஐநூறு ரூபாய்க்கு யாரும் கோர்ட்டுக்குப் போவார்களா என்பது வேறு. நோட்டீஸ் அனுப்பிப் பயமுறுத்த அந்தப் பிரிவு போதும்.

நோட்டீஸ் காலம் முடிந்து, கடைசி நியாயமான வாடகையும் போன பிறகு, மேண்டேட்டை வெட்டலாம். நிறுவனம் மூடியதாக உறுதி தந்திருந்தாலும் நீங்களும் உங்கள் பக்கத்தில் வெட்டுங்கள். நிறுவனம் பதிலே போடாமல் இழுத்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ரத்து மெயிலும் ஒப்படைத்த ரசீதும் கையில் இருக்கின்றன, அது போதும். வங்கி மேண்டேட் என்றால் நெட் பேங்கிங்கிலேயே சில வங்கிகளில் ரத்து செய்யலாம். இல்லையென்றால் UMRN எண்ணைக் குறிப்பிட்டு, இந்த மேண்டேட்டை ரத்து செய்யவும் என்று கிளையில் கடிதம் கொடுத்து முத்திரை வாங்குங்கள். நிறுவனத்திடம் என்ஓசி வாங்கி வாருங்கள் என்று கவுண்டரில் சொன்னால், கணக்குக்காரர் நான், ரத்து கேட்பதும் நான், முடியாது என்றால் கடிதத்தின் மேலேயே எழுதிக் கொடுங்கள் என்று பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். அடுத்த வாடகைத் தேதிக்கு ஒரு வாரம் முன்பாவது கொடுத்துவிடுங்கள்.

யுபிஐ ஆட்டோபே என்றால் உங்கள் ஆப்பிலேயே அந்த மேண்டேட்டைத் திறந்து ரத்து செய்யலாம். தற்காலிகமாக நிறுத்துவது வேறு, ரத்து வேறு. நிறுத்தி வைத்தது பிறகு உயிர்த்துவிடலாம்.

சீட்டுகளை எறியாதீர்கள்

கார்டு வைத்திருப்பவர், நான் இதை வாங்கவே இல்லை என்று தன் வங்கியில் மாதங்கள் கழித்தும் புகார் சொல்ல முடியும். சார்ஜ்பேக் என்பார்கள். பொதுவாக 120 நாள் வரை அதற்கு வழி உண்டு. மெஷின் போனாலும் அந்தக் கேள்வி உங்களிடம்தான் வரும், பதில் சொல்லச் சில நாள்தான் அவகாசம். கடைசி ஆறு மாதச் சார்ஜ் சீட்டுகளையும் அதற்குரிய பில்களையும் போட்டோவாகவோ ஜெராக்ஸாகவோ வையுங்கள். நிறுவனத்தின் ஆப்பில் இருக்கும் செட்டில்மென்ட் ரிப்போர்ட்டுகளையும் வாடகை பில்களையும் கணக்கு மூடுவதற்கு முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். மூடிய பிறகு உள்ளே போக முடியாது.

பில்லிங் சாப்ட்வேரை நிறுத்துகிறவர்களுக்கும் இதே வரிசைதான், ஒரு வித்தியாசத்தோடு. அங்கே திருப்பிக் கொடுக்கும் பொருள் சின்னது, பெரும்பாலும் சொந்தமாக வாங்கிய பிரிண்டர்தான். உள்ளே மாட்டிக்கொள்ளும் தகவல்தான் பெரியது. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆவது பிரிவின்படி, கணக்குப் புத்தகங்களை அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியில் இருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆகவே விற்பனை, கொள்முதல், சரக்கு இருப்பு, வாடிக்கையாளர் பாக்கி என எல்லாவற்றையும் எக்செல்லில் இறக்கி, திறந்து பார்த்து, மாத மொத்தம் நீங்கள் தாக்கல் செய்த ரிட்டர்னோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே ரத்து செய்யுங்கள். பில்களின் பிடிஎப் நகல் தனியாக வேண்டும். புது சாப்ட்வேரில் பில் எண் பழையதன் தொடர்ச்சியாகவோ வேறு முன்னெழுத்தோடோ இருக்க வேண்டும். ஒரே நிதியாண்டில் ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது. முடிந்தால் ஏப்ரல் 1-இல் மாற்றுவது வசதி.

மசியவில்லை என்றால்

முதலில் அந்த நிறுவனத்தின் தளத்தில் குறைதீர் அதிகாரி என்று போட்டிருக்கும் முகவரிக்கு, தேதி வாரியாக நடந்ததை எழுதி அனுப்புங்கள். கஸ்டமர் கேரில் மாதக்கணக்கில் நகராதது அங்கே நகர்வது உண்டு. மெஷினைக் கொடுத்தது வங்கி என்றால், எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. சந்தேகம் கேட்க 14448 எண் இருக்கிறது.

வங்கி அல்லாத நிறுவனம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் நிலை வந்தால் எதிர்த்தரப்பு முதலில் சொல்வது, கடை என்பது வணிக நோக்கம், இவர் நுகர்வோரே அல்ல என்பதுதான். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே அதற்குப் பேச ஒரு பிடி இருக்கிறது: சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கம் என்று சட்டம் பார்ப்பதில்லை. ஆகவே மனுவில் கடையை நானும் குடும்பத்தாரும்தான் நடத்துகிறோம், இதுதான் எங்கள் பிழைப்பு என்ற வரியை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். 393 ரூபாய்க்காக அங்கே போவது வீண் அலைச்சல். முன்பணமும் லாக்-இன் அபராதமும் மெஷின் விலையும் சேர்ந்து ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள் என்றால் போகலாம்.